பழைய இன்ஜின் கடனுக்குப் புதுக் கம்பெனி பணம் கேட்கிறது

கேள்வி: 2018 ஜனவரியில் வள்ளத்துக்கு இன்ஜின் வாங்க ஒரு பைனான்ஸில் கடன் எடுத்தோம். மாதம் 4,600 வீதம் 24 தவணை. கடைசி நாலு தவணையைக் கட்ட முடியவில்லை. இப்போது வேறொரு கம்பெனி, "உங்கள் கடனை நாங்கள் வாங்கிவிட்டோம், 71,000 பாக்கி, இன்றே 15,000 ஜிபேயில் போட்டால் கணக்கை முடித்துவிடலாம்" என்கிறது. போடலாமா?
— வாசகி, தொண்டி

பதில்: இன்று ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள், சகோதரி. கடனை இன்னொரு நிறுவனத்துக்கு விற்பது சட்டப்படி நடப்பதுதான். ஆனால் விற்றதைக் காட்ட எழுத்துப்பூர்வமான ஆவணம் இருக்க வேண்டும். அதன் நகலையும், கடன் கணக்கு எண், அசல், வட்டி, அபராதம் எல்லாம் தனித்தனியாகப் போட்ட கணக்கையும் கேளுங்கள். நீங்கள் கட்டாமல் விட்டது 18,400 ரூபாய். அது எப்படி 71,000 ஆனது என்பதை அவர்கள்தான் காட்ட வேண்டும்.

அவர்கள் அனுப்பும் காகிதத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். பழைய கடன் பத்திரத்தில் உள்ள கிளைக்கு நேரில் போங்கள். அழைத்தவர் தரும் எண்ணில் விசாரிக்க வேண்டாம். "என் கடன் இன்னும் உங்களிடம் இருக்கிறதா, விற்றிருந்தால் யாருக்கு, எந்தத் தேதியில்?" என்று எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். சிபில் அறிக்கையையும் பாருங்கள், வருடம் ஒருமுறை இலவசம். அதில் கடன் யார் பெயரில் நிற்கிறது என்று தெரியும். வாங்கியது, வாராக் கடன்களை வாங்கி வசூலிக்கும் சொத்து மறுசீரமைப்பு நிறுவனம் என்றால், அதன் பெயர் ரிசர்வ் வங்கி இணையதளத்தில் உள்ள பட்டியலில் இருக்க வேண்டும்.

விற்கவே இல்லை என்று கிளையில் சொன்னால், அழைத்தவர் வெறும் வசூல் ஏஜென்டா என்று கேளுங்கள். ஆம் என்றால் பணத்தைப் பழைய கடன் கணக்கில்தான் கட்ட வேண்டும். அப்படி யாரையும் தெரியாது என்றால் அது மோசடி, 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள்.

கடன் உண்மையாகவே கைமாறியிருந்தாலும் காலக்கெடு ஒன்று உண்டு. அடமானம் இல்லாத கடனுக்கு வழக்குப் போட, தவணை தவறிய நாளிலிருந்து மூன்று வருடம்தான். கொரோனா காலத்தில் 15.3.2020 முதல் 28.2.2022 வரையிலான நாட்களை உச்ச நீதிமன்றம் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றது. அதையும் கழித்தால் உங்கள் கடைசித் தவணைக்கே 2025 ஜனவரி வாக்கில் கெடு முடிந்திருக்கும். இடையில் கொஞ்சம் பணம் கட்டியிருந்தாலோ, கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருந்தாலோ அந்த நாளிலிருந்து மூன்று வருடம் மறுபடி தொடங்கியிருக்கும். வீட்டை அடமானம் வைத்திருந்தால் கெடு 12 வருடம். கெடு முடிந்த பிறகும், "கட்டிவிடுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டால் அதுவே புது ஒப்பந்தமாகிவிடும். அதனால்தான் ஆவணம் வரும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்கிறேன்.

கெடு முடிந்ததால் கடன் இல்லாமல் போய்விடாது, சிபிலில் நிற்கலாம். முடித்துவிட நினைத்தால், இவ்வளவு கட்டினால் கணக்கு முழுதாக முடிந்தது என்ற கடிதத்தை முதலில் வாங்குங்கள். பணம் நிறுவனத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்குத்தான் போக வேண்டும், தனிநபரின் ஜிபே எண்ணுக்கு அல்ல. கட்டியதும் நிலுவையில்லாச் சான்று கேட்டு வாங்குங்கள்.