அம்மா திட்டுவது சாபமா?

"நாசமாப் போன்னு பெத்த பிள்ளையையே அம்மா எப்படித் திட்டுறாங்க? பலிச்சிடாதா?"

தென்மாவட்டப் பக்கம் காதைத் தீட்டிக் கேளுங்கள். பல அம்மாக்கள் சொல்வது "நாசமத்துப் போ". நாசம் அற்றுப் போ, அதாவது கேடு உன்னை விட்டு நீங்கட்டும். கோபத்தின் ஓசை அப்படியே இருக்கும், பொருள் தலைகீழ். ஒரு சின்ன மாற்றத்தில் சாபம் வாழ்த்தாகிவிடும்!

விளக்கு வைக்கும் நேரத்தில் அதுவும் வராது. அப்போது சொன்னது பலிக்கும் என்ற பயம். வாய் தவறினால் தானே வாயில் அடித்துக்கொள்வாள்.

"உருப்படவே மாட்டே, கொட்டிக்கோ" என்பவள் கையில் இரண்டாவது கரண்டி சோறு இருக்கும். பயப்பட வேண்டியது, குரல் தணிந்து "சாப்பிடுங்க" என்று மரியாதை வரும்போதுதான். ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு, மற்றவர் முன்னால் சொன்னது நிஜமாகவே தைக்கும்; அதைச் சோறு ஆற்றாது.