துணிப்பைத் தயாரிப்பும் அடக்க விலையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஈரோட்டில் துணிப்பை தைக்கும் சிறு தொழிற்கூடம் நடத்துகிறேன். மாதம் 3,000 பைகள் தைத்தபோது பை ஒன்றுக்கு 40 ரூபாய் அடக்கம் ஆனது. 6,000 பைகள் தைத்த மாதத்தில் அது 30 ரூபாயாகிவிட்டது. துணி விலையும் தையல் கூலியும் மாறவில்லை. கணக்கில் பிழை இருக்குமோ?

பதில்: பிழை இல்லை. நீங்கள் அனுப்பிய கணக்கின்படி கட்டட வாடகை, துணி வெட்டுபவரின் மாதச் சம்பளம், அச்சடிப்பவரின் மாதச் சம்பளம், கடன் வட்டி ஆகியவை சேர்ந்து மாதம் 60,000 ரூபாய். ஒரு பை தைத்தாலும் ஆயிரம் பைகள் தைத்தாலும் இந்தத் தொகை மாறாது; இதுவே நிலைச் செலவு. துணி, தையல் கூலி, நூல், மை ஆகியவற்றுக்குப் பை ஒன்றுக்கு 20 ரூபாய் ஆகிறது. இது எண்ணிக்கையோடு சேர்ந்தே வளரும். எனவே 3,000 பைகளில் நிலைச் செலவின் பங்கு 20 ரூபாய்; 6,000 பைகளில் 10 ரூபாய்; 12,000 பைகளில் 5 ரூபாய். முதல் முறை உற்பத்தி இரட்டிப்பானபோது பைக்குப் பத்து ரூபாய் குறைந்தது. மறுமுறை இரட்டித்தால் ஐந்து ரூபாய்தான் குறையும். எவ்வளவு தைத்தாலும் மாறும் செலவான 20 ரூபாய்க்குக் கீழே அடக்க விலை இறங்காது. அதைக் குறைக்க வேண்டுமானால் துணி கொள்முதலிலும் வெட்டுக் கழிவிலும்தான் கவனம் செலுத்த வேண்டும்.

கேள்வி: எங்கள் கூடத்தின் செலவுகளும் ஏறத்தாழ இதே அளவுதான். மாதம் 6,000 பைகளை 34 ரூபாய்க்கு விற்கிறோம். ஒரு ஜவுளிக்கடை 4,000 பைகளை 27 ரூபாய்க்குக் கேட்கிறது. அடக்கமே 30 ரூபாய் ஆகும்போது ஒப்புக்கொள்வது நட்டமல்லவா?

பதில்: இந்தக் கேள்விக்கு 30 ரூபாய் என்ற சராசரி பொருந்தாது. வாடகையையும் சம்பளங்களையும் ஏற்கெனவே விற்கும் 6,000 பைகளே சுமந்துவிட்டன. கூடுதல் பை ஒவ்வொன்றுக்கும் புதிதாக ஆகும் செலவு 20 ரூபாய்தான். ஆகவே பைக்கு 7 ரூபாய் வீதம் 28,000 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும்.

ஆயினும் இது இரண்டு நிபந்தனைகளுக்கு உட்பட்டது. முதலாவதாக, இயந்திரங்களும் ஆட்களும் உண்மையிலேயே ஓய்வாக இருக்க வேண்டும். 34 ரூபாய் தரும் வாடிக்கையாளரின் பைகளைத் தள்ளிவைத்து இவற்றைத் தைத்தால், 14 ரூபாய் மிச்சத்தை விட்டு 7 ரூபாயைப் பிடித்தவராவீர்கள். இரண்டாவது நிபந்தனையை நான் இன்னும் முக்கியமாகக் கருதுகிறேன். பழைய வாடிக்கையாளர்களும் 27 ரூபாய் விலையை அறிந்து அதையே கேட்டால், 10,000 பைகளுக்கு அடக்கம் 26 ரூபாய் என்ற நிலையில் மொத்த லாபம் 10,000 ரூபாயாகச் சுருங்கும். இப்போது 6,000 பைகளிலேயே 24,000 ரூபாய் கிடைக்கிறது. எனவே அளவிலோ அச்சிலோ துணியின் தரத்திலோ தெளிவாக வேறுபடும் பையாக இருந்தால் மட்டுமே இந்த விலைக்கு இணங்குங்கள்.

கேள்வி: எனக்கும் இதே செலவுகள்தான், விற்பனை விலையும் 34 ரூபாய்தான். அடக்கம் குறையும் என்பதால், ஆர்டர் 6,000 பைகளுக்கே இருந்தும் 12,000 பைகள் தைத்து இருப்பு வைத்தேன். கணக்கில் லாபம் 24,000 ரூபாயிலிருந்து 54,000 ரூபாயாக உயர்ந்துவிட்டது. ஆனால் கூலி கொடுக்கக் கையில் பணமில்லை. எப்படி?

பதில்: லாபம் உயர்ந்ததாகத் தெரிவதற்குக் காரணம், 60,000 ரூபாய் நிலைச் செலவில் பாதி விற்காத பைகளின் மதிப்புக்குள் போய் அமர்ந்துகொண்டதுதான். விற்ற பைகளுக்கு 25 ரூபாய் வீதம் 1,50,000 ரூபாயை மட்டும் செலவாக எழுதியிருக்கிறீர்கள். கையிலிருந்து போனதோ 3,00,000 ரூபாய். விற்பனையில் வந்தது 2,04,000 ரூபாய். 96,000 ரூபாய் பற்றாக்குறை அங்கேதான் இருக்கிறது. அந்த 6,000 பைகள் உரிய விலைக்கு விற்றால் பணம் திரும்பும். துணி மங்கினாலோ, கடையின் பெயர் அச்சடித்த பையை வேறொருவர் வாங்க மறுத்தாலோ திரும்பாது. மாதந்தோறும் லாபக் கணக்கின் அருகில் கையிருப்புப் பைகளின் எண்ணிக்கையையும் எழுதிவாருங்கள். விற்பனை கூடாமல் லாபமும் இருப்பும் சேர்ந்து ஏறினால், அந்த உயர்வை லாபமாக நம்பிச் செலவு செய்யக்கூடாது.

கேள்வி: எங்கள் செலவுகளும் இதே அளவுதான். எங்கள் இடத்தில் 12,000 பைகளுக்கு மேல் தைக்க முடியாது. பக்கத்துக் கட்டடத்தையும் எடுத்து 15,000 பைகளாக்கினால் அடக்கம் மேலும் குறையுமா?

பதில்: குறையாது, உயரும். புதிய வாடகை, இன்னொரு வெட்டுபவர், கூடுதல் இயந்திரங்கள் ஆகியவற்றுக்கு மாதம் 30,000 ரூபாய் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நிலைச் செலவு 90,000 ரூபாய் ஆனால், 15,000 பைகளில் பங்கு 6 ரூபாய், அடக்கம் 26 ரூபாய். இப்போது அது 25 ரூபாய். பழைய நிலைக்குத் திரும்பவே 18,000 பைகள் தேவை. 34 ரூபாய்க்கு விற்கும் வரை கூடுதல் 3,000 பைகளும் 42,000 ரூபாய் மிச்சம் தந்து புதிய செலவைத் தாங்கிவிடும். 30 ரூபாய்க்குத்தான் விற்க முடியும் என்றால் மிச்சம் சரியாக 30,000 ரூபாய். உழைப்பு கூடும், லாபம் கூடாது. ஆகையால் அந்தப் பைகளுக்கு என்ன விலை கிடைக்கும் என்பதை வாடிக்கையாளர்களிடம் எழுத்தில் பெற்ற பிறகே கட்டடத்துக்கு முன்பணம் கொடுங்கள்.