வட்டி கூடுதலாகப் போனது எந்த வரியில்?

கேள்வி: வணக்கம் ஐயா. 12 சதவீத வட்டியில், 60 மாதத் தவணையில் பத்து லட்சம் கடன் வாங்கினேன். மாதத் தவணை 22,244. பன்னிரண்டாவது தவணை கட்டிய அன்றே அசலில் கழிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்து, கூடுதலாக ஒரு லட்சம் கட்டினேன். ரசீது இருக்கிறது. ஆனால் அடுத்த மாதங்களில் வட்டி குறைந்த மாதிரியே தெரியவில்லை. கேட்டால், "கணக்குப் போடுவது கம்ப்யூட்டர், தப்பு வராது" என்கிறார்கள். இப்போது 20 தவணை முடிந்துவிட்டது. ஸ்டேட்மென்டும் ஒப்பந்த நகலும் இணைத்திருக்கிறேன். நானே சரிபார்க்க முடியுமா? சட்டப்படி என்ன கேட்கலாம்?

பதில்: முடியும். கூட்டல், கழித்தல், ஒரே ஒரு பெருக்கல் தெரிந்தால் போதும். கம்ப்யூட்டர் பெருக்கலில் தப்பு செய்யாது என்பது உண்மைதான். ஆனால் எந்தத் தொகையை, எந்தத் தேதியில் அதற்குள் ஏற்றினார்கள் என்பது மனிதர்கள் செய்த வேலை. உங்கள் கணக்கில் கோளாறு அங்கேதான் இருக்கிறது.

முதலில் உங்கள் கையில் இரண்டு தாள்கள் இருப்பதைக் கவனியுங்கள். கடன் தந்த அன்று கொடுத்த தவணை அட்டவணை வெறும் முன்கணிப்பு. எல்லாத் தவணையும் அந்தந்தத் தேதியில் வந்தால் கணக்கு இப்படிப் போகும் என்று காட்டுவது. உண்மையில் உங்களிடம் வசூலித்த வட்டி கடன் கணக்கின் ஸ்டேட்மென்டில் இருக்கிறது. வழக்கு என்று வந்தால் பேசுவது இரண்டாவது தாள்தான், அதனால் வரி வரியாகப் படிக்க வேண்டியதும் அதைத்தான்.

ஒவ்வொரு வரியிலும் நான்கு எண்கள்: தொடக்க நிலுவை, வட்டி, அசலில் கழிந்தது, இறுதி நிலுவை. உங்கள் ஒப்பந்தத்தில் வட்டி மாதாமாதம் குறையும் நிலுவையின் மேல் என்று இருக்கிறது. ஆண்டுக்கு 12 என்றால் மாதத்துக்கு 1 சதவீதம். முதல் வரியில் 10,00,000க்கு வட்டி 10,000. தவணையில் மீதி 12,244 அசலுக்குப் போகிறது, இறுதி நிலுவை 9,87,756. அதுவே இரண்டாம் வரியின் தொடக்க நிலுவை. அதில் ஒரு சதவீதம் 9,878, அசலுக்கு 12,366, நிலுவை 9,75,390. இப்படியே போனால் 12ஆம் வரியின் முடிவில் 8,44,717 வர வேண்டும். உங்கள் ஸ்டேட்மென்டிலும் அதே எண்தான் இருக்கிறது. ஆக முதல் வருடத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கையால் போட வேண்டாம் என்றால் எக்செலில் நான்கு கட்டங்கள் போதும். B தொடக்க நிலுவை, C வட்டி, D அசல், E இறுதி நிலுவை:

```
B2: 1000000
C2: =ROUND(B2*12%/12,0)
D2: =22244-C2
E2: =B2-D2
B3: =E2
```

C, D, E, B நான்கையும் கீழே இழுத்துவிட்டு, கூடுதலாகக் கட்டிய ஒரு லட்சத்துக்காக 13ஆம் தவணையின் தொடக்க நிலுவையான B14ஐ மட்டும் =E13-100000 என்று மாற்றி, ஸ்டேட்மென்டின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு வரியில் ஒன்றிரண்டு ரூபாயோ பைசாவோ வித்தியாசம் வந்தால் அது பைசாவை முழு ரூபாயாக்கியதால் வந்தது, விட்டுவிடலாம். எந்த வரியில் முதன்முதலாகப் பெரிய வித்தியாசம் தலைகாட்டுகிறதோ, அங்கே நில்லுங்கள்.

உங்களுக்கு அது 13ஆம் வரி. ஒரு லட்சத்தை 12ஆம் தவணையோடு அன்றே கட்டிவிட்டீர்கள். அப்படியானால் 13ஆம் வரி 7,44,717இல் தொடங்கியிருக்க வேண்டும். ஸ்டேட்மென்டில் 8,44,717 என்றே தொடங்குகிறது. வட்டி 7,447க்குப் பதில் 8,447. அடுத்த வரியில் 7,299 இருக்க வேண்டிய இடத்தில் 8,309. அதற்கடுத்து 7,150 இருக்க வேண்டிய இடத்தில் 8,170. 15ஆம் வரிக்குப் பிறகுதான் "முன்செலுத்தல் 1,00,000" என்று ஒரு பதிவு வந்து நிலுவையைக் குறைக்கிறது. அதுவரை மூன்று மாதம் உங்கள் பணம் ஏதோ ஒரு உபரிக் கணக்கில் சும்மா கிடந்திருக்கிறது. இது அபூர்வம் ஒன்றுமில்லை. தவணைக்கு மேல் வரும் தொகையை முன்கூட்டி வந்த தவணையாக நினைத்து ஓரமாக வைத்துவிடுவது அடிக்கடி நடப்பதுதான். "அசலில் கழிக்கவும்" என்று நீங்கள் எழுதிக் கொடுத்தது இங்கே பெரிய பலம்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று சொல்கிறேன். வட்டியைத் தொடக்க நிலுவையால் வகுத்து, 12ஆல் பெருக்கி விகிதம் சரியா என்று பார்ப்பார்கள். நல்ல சோதனைதான், விகிதத்தை ஓசையில்லாமல் ஏற்றியிருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் உங்கள் 13ஆம் வரி அந்தச் சோதனையில் சுத்தமாகத் தேறிவிடும். 8,447ஐ 8,44,717ஆல் வகுத்தால் கச்சிதமாக 12 சதவீதம். ஏனென்றால் விகிதம் சரி, நிலுவைதான் பொய். அதே 8,447ஐ உண்மையான நிலுவையான 7,44,717ஆல் வகுத்துப் பாருங்கள், ஆண்டுக்கு 13.61 சதவீதம் வரும். அதனால் ஸ்டேட்மென்டில் அச்சான நிலுவையை நம்பி விகிதத்தைச் சோதிக்காதீர்கள். கட்டிய ரசீதுகளைத் தேதிவாரியாக வைத்து நிலுவையை நீங்களே கொண்டு வந்து, அதன் மேல் சோதியுங்கள்.

சரி, எவ்வளவு கூடுதல்? 15ஆம் வரி முடிவில் சரியான நிலுவை 6,99,881. அவர்கள் ஒரு லட்சத்தைக் கழித்த பிறகும் 7,02,911 காட்டுகிறார்கள். வித்தியாசம் 3,030. பார்க்கச் சின்னத் தொகை. ஆனால் அது நிலுவைக்குள்ளேயே உட்கார்ந்து மாதாமாதம் ஒரு சதவீதம் வட்டி சேர்த்துக்கொண்டிருக்கிறது. தவணைத் தொகை மாறாததால் கண்ணுக்குத் தெரியாது, கடைசியில்தான் தெரியும். 53ஆம் தவணையோடு முடிய வேண்டிய கடன், 54ஆம் தவணையாக ஏறத்தாழ 3,780 கேட்கும். அந்த நேரத்தில் அது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது.

இதனால்தான் "3,030ஐத் திருப்பித் தாருங்கள்" என்று கேட்க வேண்டாம் என்கிறேன். ஒரு லட்சத்தைப் பணம் வந்த தேதியிலிருந்தே அசலில் கழித்து, 13ஆம் வரி முதல் கணக்கை மறுபடி போடச் சொல்லுங்கள். இன்று, 20 தவணைக்குப் பிறகு, அந்த வித்தியாசம் 3,185 ஆகிவிட்டது. வெறும் 3,030ஐ வரவு வைத்தால் 155 உள்ளேயே நிற்கும், அதற்கும் வட்டி ஓடும்.

இனி எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று பார்ப்போம். ஒப்பந்தத்தில் முன்செலுத்தல் பற்றிய ஷரத்தைப் படியுங்கள். சில ஒப்பந்தங்களில், முன்கூட்டிக் கட்டிய தொகை அடுத்த தவணைத் தேதியில்தான் அசலில் கழியும் என்று இருக்கும். அப்படி இருந்தால் 13ஆம் வரியில் போன 1,000ஐ நீங்கள் கேட்க முடியாது. 15ஆம் வரி முடிவில் உங்கள் கோரிக்கை 2,010ஆகக் குறையும். வருடக் கடைசியில்தான் அசல் குறையும் என்ற ஷரத்து இருந்தால் கோரிக்கையே அடிபட்டுப் போகலாம். நீங்கள் அனுப்பிய நகலில் இந்த இரண்டும் இல்லை. "பெறப்பட்ட தேதியில்" என்றே இருக்கிறது. அதனால் முழுத் தொகையையும் கேட்கலாம். தனியாக ஒப்பந்த இணைப்போ, கட்டண விவரப் பட்டியலோ கையெழுத்திட்டிருந்தால் அதையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லாக் கடனும் மாதத்துக்குச் சரியாகப் பன்னிரண்டில் ஒரு பங்கு வட்டி போடாது. நாள் கணக்கில் போடும் கடனில், 365 நாள் ஆண்டு என்றால், பத்து லட்சத்துக்கு 12 சதவீதத்தில் 31 நாள் மாதம் 10,192 வட்டி வரும், 28 நாள் மாதம் 9,205 வரும். மாதாமாதம் எண் ஏறி இறங்குகிறது என்பதற்காகப் புகார் எழுதிவிடாதீர்கள். ஆனால் ஒப்பந்தத்தில் 365 என்று எழுதிவிட்டு 360ஆல் வகுத்தால், அதே 31 நாளுக்கு 10,333 வரும். அது கேட்க வேண்டிய கேள்வி.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஒப்பந்தத்தில் இன்னொரு ஷரத்து இருக்கிறது: கடன் தந்தவர் தரும் கணக்கே, வெளிப்படையான பிழை இல்லாத வரை, இறுதிச் சான்று என்று. பயந்துவிடாதீர்கள், "வெளிப்படையான பிழை" என்ற அந்த விதிவிலக்குதான் உங்களுக்கான வாசல். அதனால் கடிதத்தில் ஏமாற்று, மோசடி என்றெல்லாம் எழுதாதீர்கள். அப்படி எழுதினால் அதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் வரும். ரசீதுத் தேதி ஒன்று, பதிவுத் தேதி வேறு, நடுவில் மூன்று வரி வட்டி என்று கணக்குப் பிழையாக மட்டும் வையுங்கள். இப்படி எழுதலாம்:

"இன்ன தேதியில் அசலில் கழிக்கச் சொல்லி 1,00,000 செலுத்தினேன், ரசீது நகல் இணைப்பு 1. அத்தொகை 15ஆம் தவணைக்குப் பிறகே நிலுவையில் கழிக்கப்பட்டுள்ளது. 13, 14, 15ஆம் தவணைகளில் முறையே 1,000, 1,010, 1,020 கூடுதல் வட்டி வசூலாகியுள்ளது. கணக்கு இணைப்பு 2. தொகை பெறப்பட்ட தேதியிலிருந்து கணக்கைத் திருத்தி, புதிய அட்டவணையை எழுத்தில் தரவும். அதுவரை செலுத்தும் தவணைகள் இந்த ஆட்சேபத்துக்கு உட்பட்டவை."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். தவணையை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்த வேண்டாம். மூவாயிரம் ரூபாய்த் தகராறுக்காகத் தவணை தவறினால் அபராதம் ஏறும், கடன் வரலாறு கெடும், தப்பு உங்கள் பக்கம் திரும்பிவிடும்.

கடிதத்தைக் கிளையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள், அல்லது ஒப்புகை கிடைக்கும் வகையில் தபாலில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அவர்களுடைய குறைதீர்ப்பு அதிகாரிக்கு, அதன் பிறகு மேற்பார்வை அமைப்புக்கு என்று போகலாம். இந்தத் தொகைக்கு நேராக நீதிமன்றம் போனால் செலவு தொகையைத் தாண்டிவிடும், நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் ரொம்பவும் தள்ளிப்போடாதீர்கள், பணக் கோரிக்கைகளுக்குக் காலவரம்பு உண்டு, அது 13ஆம் தவணையிலிருந்தே ஓடத் தொடங்கியிருக்கலாம். நடுவில் "நிலுவையைச் சரிபார்த்து ஒப்புக்கொள்கிறேன்" என்று ஒரு தாளை நீட்டினால், திருத்திய அட்டவணை கைக்கு வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டும் என்றால், கையெழுத்துக்கு மேலே கடிதத் தேதியைக் குறித்து "ஆட்சேபம் நிலுவையில்" என்று எழுதிவிட்டுப் போடுங்கள்.