வாசலில் நிற்கும் ‘ஹாய்’

கேள்வி: சந்தூர்ப் பக்கம் நானும் என் கணவரும் மா ஒட்டுச்செடி நர்சரி வைத்திருக்கிறோம். பெயர்ப்பலகையில் வாட்ஸ்அப் எண்ணை எழுதியதிலிருந்து தினமும் பத்துப் பேராவது வெறும் ‘ஹாய்’, ‘வணக்கம்’, ‘செடி’ என்று அனுப்பிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். ‘என்ன வேண்டும்?’ என்று கேட்டதற்கு ஒருவர் கோபித்துக்கொண்டார். விலைப்பட்டியலை அனுப்பினால் பதிலே வருவதில்லை. மரியாதை கெடாமல் எப்படிப் பதில் எழுதுவது?
— வாசகி, போச்சம்பள்ளி வட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

தருமபுரியில் என் அத்தை வீட்டுக்குப் பால் வாங்க வருகிறவர்கள் படிக்கு வெளியே நின்று ‘அம்மா’ என்று ஒரு குரல் கொடுப்பார்கள். ‘அரைப்படி பால்’ என்று தெருவிலிருந்தே யாரும் கத்தியதில்லை. அப்படிக் கேட்பது மரியாதை இல்லை என்பது அவர்கள் எண்ணம். அத்தை கைவேலையை விட்டு வந்து ‘வாருங்கள்’ என்று சொன்ன பிறகுதான் வந்த காரியத்தைச் சொல்வார்கள். உங்களுக்கு வரும் ‘ஹாய்’ அந்தக் குரல்தான். உங்கள் ‘வாருங்கள்’ வரட்டும் என்று அவர் நிற்கிறார்.

வேறு காரணங்களும் உண்டு. ‘ஹாய்’ என்று மட்டும் அனுப்புங்கள், மற்றதை நாங்கள் கேட்டுக்கொள்கிறோம் என்று பல சேவைகள் மக்களைப் பழக்கிவிட்டன. சென்னை மெட்ரோ ரயிலுக்கு 2023 முதல் அப்படித்தான் வாட்ஸ்அப்பில் டிக்கெட் எடுக்கிறார்கள். அந்தப் பழக்கத்தில் உங்களுக்கும் ஒற்றைச் சொல்லை அனுப்புகிறார்கள். இன்னும் முக்கியமானது, கைபேசியில் தமிழ் எழுதத் தெரியாதவர்கள். அறுபது வயது விவசாயிக்கு இரண்டு எழுத்தைத் தட்டுவதே பெரிய வேலை. பேசச் சொன்னால் மடை திறந்ததுபோலப் பேசுவார்.

இப்போது உங்கள் இரண்டு பதில்களையும் பாருங்கள். ‘என்ன வேண்டும்?’ என்ற சொற்களில் தப்பில்லை. நேரில் கேட்டால் முகத்தின் சிரிப்பு அதை மென்மையாக்கிவிடும். எழுத்தில் முகம் இல்லை. வணக்கம் சொன்னவருக்குத் திரும்ப வணக்கம் வராமல் கேள்வி மட்டும் வந்தால், ‘எதற்கு வந்தாய்’ என்று கேட்டதுபோலக் காதில் விழும். விலைப்பட்டியல் அதற்கு நேர் எதிர். செந்தூரா, பெங்களூரா, மல்கோவா, அல்போன்சா என்று இருபது வரி ஒரேயடியாக வந்து இறங்கினால், எதைப் பிடித்துப் பேசுவது என்று தெரியாமல் மனிதர் கைபேசியைக் கீழே வைத்துவிடுவார். பதிலுக்கு வெறும் ‘ஹாய்’ அனுப்புவதும் உதவாது; இரண்டு பேரும் வாசலிலேயே நிற்பீர்கள்.

இப்படி எழுதிப் பாருங்கள்:

‘வணக்கம். சந்தூர் நர்சரியிலிருந்து எழுதுகிறேன். மா ஒட்டுச்செடி பார்க்கிறீர்களா, வேறு கன்று ஏதாவது வேண்டுமா? எழுதச் சிரமமாக இருந்தால் பேசிப் பதிவு செய்து அனுப்புங்கள்.’

அவர் ‘ஹாய்’ என்று அனுப்பியிருந்தாலும் நீங்கள் ‘வணக்கம்’ என்றே தொடங்கலாம். வயது தெரியாதவரிடம் அதுதான் பொருந்தும். பெயரும் ஊரும் வந்துவிட்டால் சரியான எண்ணுக்குத்தான் அனுப்பினோம் என்று அவருக்குத் தெம்பு வரும். கேள்வி ஒன்றே ஒன்றாக இருக்கட்டும், அதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல முடியவேண்டும். ஒரு சொல்லோடு வந்தவரிடம் நான்கு வரிப் பதில் எதிர்பார்ப்பது நியாயமில்லை. ‘நமஸ்காரா’ என்றோ ‘நமஸ்காரம் அண்டி’ என்றோ வந்தால் அதே சொல்லில் வணக்கம் சொல்லிவிட்டுப் பேச்சுப் பதிவைக் கேளுங்கள். எல்லை ஊர்க்காரர்களான நமக்குக் கன்னடமும் தெலுங்கும் காதுக்குப் பழகியவைதானே.

அவர் ‘மா’ என்று அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். உடனே ரகம், விலை, வண்டி வாடகை என்று தொடங்கவேண்டாம். ‘நல்லது. வீட்டுக்கு ஒன்றிரண்டா, தோட்டத்துக்கா?’ என்று கேளுங்கள். ‘1 ஏக்கர்’ என்று வரும். அந்த ஒற்றைச் சொல்லில் உங்களுக்கு வேண்டியது பாதி வந்துவிட்டது. 33 அடிக்கு ஒன்று என்று நட்டால் ஏக்கருக்கு 40 செடி. ‘33 அடி இடைவெளியில் நட்டால் 40 செடி பிடிக்கும். பழமாக விற்கவா, கூழ் ஆலைக்குக் கொடுக்கவா?’ என்று அடுத்தது. ‘ஆலை’ என்றால் பெங்களூரா விலையை மட்டும் சொன்னால் போதும். மூன்றே கேள்வியில் இருபது வரிப் பட்டியல் ஒரு வரியாகிவிட்டது, அவரும் மூன்று சொல்லுக்கு மேல் எழுதவில்லை.

தினமும் பத்துப் பேருக்கு இதைத் தட்டிக்கொண்டிருக்க முடியாதுதான். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் விரைவுப் பதில் என்று ஒரு வசதி இருக்கிறது. பதிலை ஒருமுறை சேமித்து வைத்தால், சாய்கோட்டைத் தட்டி நீங்கள் வைத்த குறுக்குச் சொல்லைப் போட்டதும் முழுப்பதிலும் வந்து நிற்கும். தானாகப் போகும் வரவேற்புச் செய்தியும் அதில் உண்டு. அது முதல்முறை எழுதுகிறவருக்கும், 14 நாள் பேச்சில்லாமல் இருந்து மறுபடி எழுதுகிறவருக்கும் போகும். அதை வைத்தால் ஒன்றைக் கவனியுங்கள்: அது போன பிறகு நீங்களும் அதே வணக்கத்தை அனுப்பினால், ஆள் இல்லாத கடை என்று நினைத்துவிடுவார். உங்கள் கையால் போகும் பதில் அடுத்த கேள்வியிலிருந்து தொடங்கட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் நஷ்டம் வருவது இதில்தான். விலை சொன்ன பிறகு ‘சரி’ என்று ஒரு சொல் வரும். நம் பேச்சில் ‘சரி’ என்றால் சம்மதம் என்றும் பொருள், கேட்டுக்கொண்டேன் என்றும் பொருள். இதை நம்பிச் செடியைப் பிரித்து வண்டியில் ஏற்றிவிட்டு, வாங்குகிறவர் போனையே எடுக்காமல் தவித்தவர்களை எனக்குத் தெரியும். ‘நன்றி. செடியை எடுத்து வைக்கட்டுமா, வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறீர்களா?’ என்று கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்படுகிறவருக்கும் இரண்டாவது பாதி ஒரு வழி கொடுக்கிறது.

இரவு பதினோரு மணி ‘ஹாய்’ வேறு. அதற்கு அப்போதே பதில் எழுதவேண்டியதில்லை. காலையில் அதே நர்சரி பதிலை அனுப்புங்கள். செடிக்காக வந்தவர் செடியைப் பற்றிச் சொல்வார். ‘சாப்பிட்டாச்சா’, ‘போட்டோவில் இருப்பது நீங்களா’ என்று வந்தால் ஆளைத் தெரிந்துகொள்ளலாம். அந்த எண்ணைத் தயங்காமல் தடை செய்யுங்கள். மரியாதை கொடுத்தாயிற்று, அதற்கு மேல் விளக்கம் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை.

கோபித்துக்கொண்டவரின் எண் இன்னும் உங்கள் கைபேசியில் இருக்கும். ‘வணக்கம் ஐயா. அன்று வேலை அவசரத்தில் வணக்கம்கூடச் சொல்லாமல் கேட்டுவிட்டேன், மன்னிக்கவும். மாஞ்செடி பார்க்கிறீர்களா?’ என்று இன்றைக்கே எழுதுங்கள். மழை பிடித்துக்கொள்ளும் நேரம் இது. குழி வெட்டி வைத்துவிட்டுச் செடிக்குக் காத்திருக்கிறாரோ என்னவோ.