கோடிட்ட இடத்தில் மூன்று விடைகள்

அன்புள்ள ஐயா,

ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். வேற்றுமை பாடம் முடித்ததும் ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ என்று பதினைந்து கேள்விகள் தயாரித்துக் கொடுத்தேன். ‘நான்காம் வேற்றுமை உருபு ______ ஆகும்’ போன்றவற்றில் எல்லாரும் முழு மதிப்பெண். ஆனால் கட்டுரையில் ‘பாடத்தை படித்தேன்’, ‘அம்மாவுக்கு கொடுத்தேன்’ என்றுதான் இன்னும் எழுதுகிறார்கள். ‘______ (மலை) அருவி விழுந்தது’ என்ற கேள்விக்கு நான் எதிர்பார்த்தது ‘மலையிலிருந்து’. பாதிப் பேர் ‘மலையில்’ என்றும் சிலர் ‘மலையின்’ என்றும் எழுதிவிட்டார்கள். எதைத் தள்ளுவது, எதற்கு மதிப்பெண் போடுவது? கேள்வியை எப்படி அமைத்திருக்க வேண்டும்?

ஒரு தமிழாசிரியை

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதலில் மூன்று விடைக்கும் முழு மதிப்பெண் போட்டுவிடுங்கள். ‘மலையில் அருவி விழுந்தது’ என்றால் விழுந்த இடம் மலை, ஏழாம் வேற்றுமை. ‘மலையின் அருவி விழுந்தது’ என்றால் மலைக்கு உரிய அருவி. இரண்டும் நல்ல தமிழ் வாக்கியங்கள். போதாததற்கு, ஐந்தாம் வேற்றுமைக்கு இலக்கண நூல் சொல்லும் உருபுகளே இன், இல் இரண்டும்தான். நீங்கள் எதிர்பார்த்த ‘இருந்து’ பிறகு வந்து ஒட்டிக்கொள்ளும் சொல்லுருபு. ஆக, ‘மலையில்’ என்று எழுதிய பிள்ளை உங்களைவிடப் புத்தகத்துக்கு நெருக்கமாக எழுதியிருக்கவும் கூடும். பிழை கேள்வியில் இருக்கிறது. பிள்ளைகளை ஏன் தண்டிக்க வேண்டும்?

கோடிட்ட இடம் ஒரு பூட்டு மாதிரி. அதைச் சுற்றியுள்ள சொற்கள்தான் பூட்டின் பற்கள். சுற்றிலும் போதுமான சொல் இல்லையென்றால் எந்தச் சாவியும் திறக்கும். நான் ஒரு கேள்வி எழுதியதும் செய்யும் வேலை ஒன்றுதான்: ஐ, ஆல், ஓடு, கு, இன், இல், உடைய என்று ஒவ்வொன்றாக அந்தக் கோட்டில் போட்டு வாய்விட்டுப் படிப்பேன். இரண்டு உருபு பொருந்தினால் வாக்கியத்தைத் திருத்துவேன். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஒன்றைச் செய்தே பார்ப்போம். மூன்றாம் வேற்றுமைக்கு முதலில் தோன்றுவது இப்படி இருக்கும்:

தச்சர் ______ (உளி) செதுக்கினார்.

‘உளியால்’ பொருந்துகிறது. ஆனால் ‘உளியை’ என்று போட்டாலும் வாக்கியம் நிற்கிறது. இலக்கணப்படி அதில் பிழை இல்லை. செயப்படுபொருளின் இடம் காலியாகக் கிடப்பதுதான் கோளாறு. அந்த இடத்தில் வேறொரு சொல்லை உட்காரவைத்துவிட வேண்டும்:

தச்சர் ______ (உளி) மரத்தைச் செதுக்கினார்.

இப்போது ‘உளியை’க்கு வழியில்லை. ‘உளிக்கு’, ‘உளியின்’ இரண்டும் தாமாகவே விழுந்துவிடும். ‘உளியால்’ நிற்கும், சொல்லுருபாக ‘உளிகொண்டு’ம் நிற்கும். இரண்டும் மூன்றாம் வேற்றுமைதான். இரண்டையும் விடைக்குறிப்பில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அருவியையும் இதே வழியில் சரிசெய்யலாம். நீங்கல் பொருளைப் பூட்ட, புறப்பட்ட இடத்தோடு சேரும் இடத்தையும் சொல்லிவிட வேண்டும்:

அருவி ______ (உச்சி) ஆற்றுக்குள் விழுகிறது.

‘உச்சியில் ஆற்றுக்குள்’ என்று யாரும் எழுத மாட்டார்கள், ‘உச்சியின் ஆறு’ என்பதும் காதில் ஒட்டாது. ‘உச்சியிலிருந்து’ மட்டும்தான் மிஞ்சும். ‘நீங்கினான்’ என்ற வினையையே போட்டால் எளிதாக முடியுமே என்று தோன்றும். நானும் ஒருமுறை ‘அவன் ______ (ஊர்) நீங்கினான்’ என்று கொடுத்தேன். ‘ஊரை’ என்று எழுதினார்கள். நீத்தல் இரண்டாம் வேற்றுமைப் பொருள்களில் ஒன்று என்பதை நானே பாடம் நடத்திவிட்டு மறந்திருக்கிறேன்! அப்புறம் எந்த முகத்தோடு மதிப்பெண் குறைப்பது?

உடனிகழ்ச்சிக்கும் இதே சிக்கல் வரும். ‘மகள் ______ (தாய்) வந்தாள்’ என்றால் ‘தாயிடம்’ என்று ஒருவர் எழுதிவிடலாம். ‘மகள் ______ (தாய்) இணைந்து பாடினாள்’ என்று மாற்றினால் ‘தாயோடு’, ‘தாயுடன்’ தவிர வேறெதற்கும் வழியில்லை.

இதைவிடத் தந்திரமான சங்கதி ஒன்று உண்டு, தமிழுக்கே உரியது. உருபு சேரும்போது அடுத்த சொல்லின் முதலெழுத்து வல்லினமாக இருந்தால் ஒற்று மிகும் அல்லவா? ஐ, கு இரண்டுக்கும் பின்னால் மிகும். ஆல், ஓடு இரண்டுக்கும் பின்னால் மிகாது. இதை நினைக்காமல் ஒரு தேர்வில் இப்படிக் கொடுத்தேன்:

மாலதி ______ப் படித்தாள். (பாடம்)

வகுப்பு முழுவதும் சரியான விடை. பூரித்துப் போனேன். பின்வரிசைப் பையன் ஒருவன் வெளியே வரும்போது சொன்னான்: “அந்த ‘ப்’ தான் சொல்லிருச்சே ஐயா.” உண்மைதான். ‘ப்’ அங்கே உட்கார்ந்திருந்தால் ஐ அல்லது கு என்று தெரிந்துவிடும். இரண்டில் எது என்று காது சொல்லிவிடும், இலக்கணமே தேவையில்லை. சரி, ‘ப்’ஐ எடுத்துவிட்டால்? ‘பாடத்தை படித்தாள்’ என்ற பிழையான வாக்கியத்தை நாமே வினாத்தாளில் அச்சடித்துக் கொடுத்த மாதிரி ஆகும். பிள்ளை உருபை எழுதி ஒற்றை விட்டுவிட்டால் அரை மதிப்பெண்ணா முழு மதிப்பெண்ணா என்ற தகராறும் வரும்.

வழி எளிது. உருபைச் சோதிக்கும் கேள்வியில், கோட்டுக்கு அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ‘மாலதி ______ (பாடம்) எழுதினாள்’ என்று வைத்தால் ஒற்றுப் பேச்சே எழாது. மேலே தச்சருக்கு ‘மரத்தை’, அருவிக்கு ‘ஆற்றுக்குள்’, மகளுக்கு ‘இணைந்து’ என்று அடுத்த சொல்லைத் தேர்ந்ததும் இதனால்தான். உயிரெழுத்து, மெல்லினம், இடையினம் எதுவானாலும் சரி.

ஒற்றைத் தனியாகச் சோதியுங்கள். உங்கள் கட்டுரைப் பிழைக்கு மருந்து அந்த இரண்டாவது தொகுப்பில்தான் இருக்கிறது. ‘நான்காம் வேற்றுமை உருபு ______’ என்பதற்கு ‘கு’ என்று எழுதத் தெரிந்த பிள்ளைக்கு அந்தக் ‘கு’வுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்கவே இல்லை. இங்கே உருபைச் சேர்த்தே கொடுத்துவிட்டு, ஒற்றின் இடத்தை மட்டும் காலியாக விடுங்கள்:

பாடத்தை__ படித்தேன்.
பேனாவால்__ கோடு போட்டேன்.
மாணவிக்கு__ பரிசு கிடைத்தது.
அம்மாவோடு__ பேசினேன்.

‘ஒற்று வேண்டாத இடத்தில் × இடுக’ என்று மேலே ஒரு வரி. இதில் கவனிக்க வேண்டியது, பாதிக் கேள்விகளாவது × விடையுள்ளவையாக இருக்க வேண்டும். எல்லாவற்றிலும் ஒற்று வந்தால் மூன்றாவது கேள்விக்குள் பிள்ளைகள் சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு ‘ப்’, ‘க்’ போட்டுக்கொண்டே போவார்கள். அதன் பலன் அடுத்த கட்டுரையில் ‘அம்மாவோடுப் பேசினேன்’ என்று வந்து நிற்கும். அதற்கு ‘அம்மாவுக்கு கொடுத்தேன்’ தேவலாம்.

கோட்டை எங்கே போடுவது என்பதிலும் ஒரு சொல். ஆங்கில இலக்கணப் பயிற்சிகளைப் பார்த்துப் பழகியவர்கள் ‘கத்தி____’ என்று சொல்லின் வாலில் கோடு போடுவதுண்டு. தமிழில் அது சரிவராது. கத்தி + ஆல், ‘கத்தியால்’ ஆகும்போது நடுவில் ஒரு யகரம் நுழைகிறது. மரம் + ஐ, ‘மரத்தை’ ஆகும்போது மகரம் போய் அத்துச் சாரியை வருகிறது. வாலில் கோடு போட்டால் பிள்ளை ‘கத்திஆல்’ என்று எழுதும், அல்லது நீங்களே ‘மரத்____’ என்று கொடுத்துச் சாரியையை இலவசமாகக் காட்டிவிடுவீர்கள். நீங்கள் செய்ததுபோலப் பெயர்ச்சொல்லை அடைப்புக்குறிக்குள் கொடுத்து முழுச் சொல்லுக்குமாகக் கோடு போடுவதே சரி. அப்போது விடைத்தாளே பிழை எங்கே என்று காட்டிக்கொடுக்கும். ‘மரமை’ என்று எழுதியவருக்கு வேற்றுமை தெரிகிறது, சாரியை தெரியவில்லை. ‘மரத்துக்கு’ என்று எழுதியவருக்குச் சாரியை தெரிகிறது, வேற்றுமைதான் தெரியவில்லை. இந்த இருவருக்கும் ஒரே மாதிரி சுழியம் போட்டால் மறுநாள் வகுப்பில் எதைத் திரும்ப நடத்துவது என்று உங்களுக்கே தெரியாது. ஒரு கேள்விக்கு இரண்டு மதிப்பெண் வைத்து, உருபுக்கு ஒன்று, சேர்த்து எழுதியதற்கு ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

உருபுகளைப் பெட்டிக்குள் கொடுத்து ‘பொருத்தமானதை எடுத்து எழுதுக’ என்று கேட்பதாக இருந்தால், ஆறு கோட்டுக்கு ஆறு உருபு கொடுக்காதீர்கள். ஐந்தை நிரப்பியதும் ஆறாவது தானாக விழும். ‘ஓர் உருபு ஒன்றுக்கு மேற்பட்ட முறையும் வரலாம், சில வராமலும் போகலாம்’ என்று எழுதிவிட்டால் போதும்.

உருபின் பெயர் கேட்கும் கேள்விகளை அடியோடு விட்டுவிட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். பத்தில் இரண்டு இருக்கட்டும். பயந்த பிள்ளைக்குக் கைப்பிடி அது. ஆனால் பாடநூல் வரியை அப்படியே எடுத்து ஒரு சொல்லை அழிப்பது வேண்டாம். அந்த வரி எப்படி ஓடியது என்ற ஞாபகத்தில்தான் விடை வரும்.

கடைசியாக ஆறாம் வேற்றுமை. ‘இது ______ (நான்) வீடு’ என்று கேட்டால் ‘எனது’, ‘என்னுடைய’, ‘என்’ மூன்றும் வரும். மூன்றாவதில் உருபு மறைந்திருக்கிறது, அது தொகை. அதைத் தவறென்று அடித்தால் பிள்ளை சண்டைக்கு வரும், வர வேண்டும். கேள்விக்கு மேலேயே ‘உருபு வெளிப்படையாகத் தெரியும்படி எழுதுக’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ‘நானுடைய’ என்று எழுதிவைத்தவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, நான் ‘என்’ ஆவதையும் நீ ‘உன்’ ஆவதையும் கரும்பலகையில் எழுதச் சொல்லுங்கள்.