பசளிக்கீரையும் தயிர்ச் சட்டியும்

“டொக்டர், எனக்கு 41 வயது. திருகோணமலையில் மீன் வியாபாரம். போன மாதம் சிறுநீரோடு ஒரு கல் வெளியேறியது. அதைப் பரிசோதித்துவிட்டு கல்சியம் ஒக்சலேட் என்றார்கள். பசளியில் இந்த ஒக்சலேட் மிக அதிகமாமே, உண்மையா? கல்சியக் கல் என்பதால் அக்கா பாலையும் தயிரையும்கூட நிறுத்தச் சொல்கிறார்.”

உண்மைதான். ஆனால் எந்தப் பசளி என்று முதலில் கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் ஸ்பினாச் என்று சொல்லப்படுவது நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் வளரும் செடி. நம் வேலியில் படர்கிற, தடித்த வழவழப்பான இலையுள்ள கொடிப்பசளி வேறு இனம். ஸ்பினாச்சில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 600 முதல் 1,000 மில்லிகிராம் வரை ஒக்சலேட் இருக்கும். கொடிப்பசளியிலும் அதிகம்தான். எனவே பெயர்க் குழப்பம் உங்களுக்குச் சாதகமாக அமையவில்லை.

இந்த எண்ணைத் தனியாகப் பார்த்தால் விளங்காது. ஒருவருடைய சிறுநீரில் ஒரு நாளைக்கு 40, 45 மில்லிகிராமுக்குள்தான் ஒக்சலேட் போகவேண்டும். அதில் பெரும் பங்கை ஈரலே உண்டாக்குகிறது. சாப்பாட்டில் உள்ளதில் பத்தில் ஒரு பங்குதான் குடலிலிருந்து இரத்தத்துக்கு ஏறுகிறது என்று வைத்துக்கொண்டாலும், 700 மில்லிகிராம் உள்ள ஒரு தட்டுக் கீரை 70 மில்லிகிராமைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். வேறு எந்தக் காய்கறியும் ஒரே தட்டில் இவ்வளவு செய்வது அரிது.

அக்கா சொன்னதுதான் எனக்குக் கவலை. கல்லில் கல்சியம் இருக்கிறது, ஆகவே கல்சியத்தைக் குறைக்கலாம் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கும். குடலுக்குள் நடப்பதோ நேர்மாறு. ஒரே நேரத்தில் உண்ட கல்சியமும் ஒக்சலேட்டும் குடலிலேயே ஒட்டிக்கொண்டு மலத்தோடு போய்விடும். தயிரை நிறுத்தினால் ஒக்சலேட் துணையில்லாமல் தனியாக நின்று சுலபமாக உள்ளே ஏறும். இத்தாலியில் கல் வந்த 120 ஆண்களை ஐந்து வருடம் கவனித்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், கல்சியத்தைக் குறைத்தவர்களைவிட, கல்சியத்தை வழக்கம்போல் உண்டு உப்பையும் இறைச்சியையும் குறைத்தவர்களுக்கே மறுபடி கல் வந்தது பாதியளவில் இருந்தது.

இப்படித்தான் என்னிடம் ஓர் இளைஞர் வந்தார். உடம்பு மெலிய வேண்டுமென்று தினமும் காலையில் பச்சை ஸ்பினாச்சை அரைத்து ஒரு கோப்பை குடித்திருக்கிறார். கூடவே விற்றமின் சி மாத்திரை. அதுவும் உடம்பில் ஒக்சலேட்டாக மாறக்கூடியது. பாலை முழுதாக விட்டுவிட்டார். 24 மணிநேரச் சிறுநீரைச் சேர்த்துப் பார்த்தோம்: ஒக்சலேட் 78 மில்லிகிராம், மொத்தச் சிறுநீர் 1.1 லீற்றர். மருந்து எதுவும் எழுதவில்லை. அந்தக் கோப்பையையும் மாத்திரையையும் நிறுத்தி, மதியச் சோற்றோடு தயிர் சேர்க்கச் சொன்னேன், தண்ணீரைக் கூட்டச் சொன்னேன். மூன்று மாதத்தில் ஒக்சலேட் 39க்கு இறங்கியது, சிறுநீர் 2.2 லீற்றராக ஏறியது.

சரி, உங்கள் வீட்டுச் சமையலுக்கு வருவோம். ஒக்சலேட்டில் பெரும்பகுதி தண்ணீரில் கரையும். கீரையை நறுக்கி, நிறையத் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் பாதியளவாவது போய்விடும். நாம் செய்கிற வறையில் வடிப்பதே இல்லை, எனவே எதுவும் குறைவதில்லை. பருப்போடு பால்விட்டு வைக்கும் கறியிலும் அப்படித்தான். இன்னொரு விஷயம்: அந்தப் பால் தேங்காய்ப்பால். பெயரில்தான் பால், கல்சியம் மிகச் சொற்பம். ஒக்சலேட்டைப் பிடிக்கும் வேலையை அது செய்யாது. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து எருமைத்தயிர் ஒரு கோப்பை செய்யும். 700 மில்லிகிராமில் பாதி வடித்தபின் மிஞ்சினால், அந்த 350 மில்லிகிராம் ஒக்சலேட்டைப் பிடிக்கக் கணக்குப்படி ஏறக்குறைய 160 மில்லிகிராம் கல்சியம் போதும். ஒரு கோப்பைத் தயிரில் அந்தளவாவது இருக்கும். வயிற்றில் கணக்கு இவ்வளவு சுத்தமாக நடக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் தயிர் அதே வேளைச் சாப்பாட்டோடு போகவேண்டும். இரவு படுக்கும்போது தனியாகக் குடிக்கும் பால், மதியம் உண்ட கீரைக்கு உதவாது.

உங்களுக்கு அடுத்த ஆறு மாதத்துக்கு ஸ்பினாச்சையும் பசளியையும் விட்டுவிடுங்கள் என்பேன். கோவா வறையில் ஒக்சலேட் குறைவு, தாராளமாக உண்ணலாம். பிறகு ஆசையாக இருந்தால் மாதத்தில் ஓரிரு தடவை, வடித்து, தயிரோடு.

உங்கள் தொழிலில் கீரையைவிடப் பெரிய இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன: வெயிலில் வியர்த்து சிறுநீர் சுண்டுவது, கருவாட்டு உப்பு. உப்புக் கூடினால் சிறுநீரில் கல்சியமும் கூடும். ஒரு நாள் சிறுநீரைப் போத்தலில் சேர்த்து அளந்து பாருங்கள். இரண்டரை லீற்றர் வரவேண்டும். மதியத்துக்குப் பிறகும் மஞ்சளாகவே போனால் தண்ணீர் போதவில்லை. அந்தத் தண்ணீரில் தேசிக்காய் பிழிந்து குடிக்கலாம், உப்புப் போடாமல்.

நாரியில் குத்துவலியோடு காய்ச்சலும் குளிரும் வந்தால் மட்டும் இதெல்லாம் பொருந்தாது. அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், விடியும்வரை இருக்க வேண்டாம்.