மாடு குறுக்கே வந்தால் எந்தப் பக்கம் ஒடிப்பது?

ராத்திரி டூட்டி முடிந்து பைக்கில் வரும்போது தெருநாய்கள் துரத்துகின்றன. வேகத்தைக் கூட்டித் தப்பிக்கலாமா? (கொழிஞ்சாம்பாறை)

வேண்டாம். ஓடுவதைத்தான் நாய் விரட்டும். ஆக்சிலேட்டரைக் குறைத்து, நேராக நிதானமாகப் போங்கள், பெரும்பாலும் பாதியில் விட்டுவிடும். காலைத் தூக்கி உதைக்கப் போய் வண்டியோடு விழுகிறவர்கள்தான் அதிகம்.

பொள்ளாச்சியிலிருந்து இரவில் திரும்பும்போது ஒரு மாடு திடீரென்று குறுக்கே வந்தது. வலப்பக்கம் ஒடித்தேன், எதிரே லாரி. மயிரிழையில் தப்பினேன். எந்தப் பக்கம் ஒடித்திருக்க வேண்டும்? (கோபாலபுரம்)

என்ன வண்டி, என்ன வேகம், லைட் பிரைட்டா டிம்மா, எதையும் எழுதவில்லை. இதையெல்லாம் எழுதாமல் "எந்தப் பக்கம்" என்று மட்டும் கேட்டால் எப்படி? போகட்டும், பைக் என்றே வைத்துக்கொள்கிறேன். எந்தப் பக்கமும் ஒடித்திருக்கக் கூடாது என்பதுதான் பதில். இதை எத்தனை முறை எழுதினாலும் அடுத்த தபாலில் இதே கேள்வி வருகிறது.

60-ல் வந்தீர்கள் என்று கொள்வோம். எதிரே லாரி வந்ததால் டிம்மில்தான் இருந்திருப்பீர்கள். அந்த வெளிச்சத்தில், அதுவும் லாரியின் லைட் கண்ணில் அடிக்கும்போது, கறுத்த மாடு 40 மீட்டருக்குள் வந்த பிறகுதான் தெரியும். முகத்தை நம் பக்கம் திருப்பினால்தான் கண் மின்னும், பக்கவாட்டில் நின்றால் இருட்டோடு இருட்டு. பார்த்து, புரிந்து, பிரேக்கில் கை வைக்க ஒன்றரை விநாடி. அதற்குள் 25 மீட்டர் போய்விடும். மீதி 15 மீட்டரில் நல்ல பிரேக் பிடித்தாலும் வண்டி நிற்காது, ஏறக்குறைய 35 வேகத்தில் மோதும். அதே இடத்தில் 40-ல் வந்திருந்தால் 30 மீட்டருக்குள் நின்றிருப்பீர்கள். ஆக, மாடு கண்ணில் படும் முன்பே பாதி முடிவாகிவிடுகிறது. டிம்மில் ஓட்டும்போது 40-க்கு மேல் போகாதீர்கள்.

சரி, மாடு வந்தேவிட்டது. ஹேண்டிலை நேராகப் பிடித்து, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். ஏபிஎஸ் இருந்தால் அழுத்தியபடியே இருங்கள், விட்டு விட்டுப் பிடிக்க வேண்டாம். இல்லையென்றால் முன்பிரேக்கைப் படிப்படியாக இறுக்குங்கள். 125 சிசிக்கு உட்பட்ட பெரும்பாலான வண்டிகளில் இருப்பது சிபிஎஸ்தான். அது இரண்டு சக்கரத்துக்கும் பிரேக்கைப் பங்கிடுமே தவிர, சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்காது. ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன்சக்கரம் பூட்டினால் நீங்கள் தரையில், அதுவும் எதிர்வண்டி வரும் பக்கத்தில். மாட்டின் மேல் 20 வேகத்தில் மோதியவர் எழுந்து உட்காரலாம். லாரியின் முன் விழுந்தவருக்கு அது இல்லை.

வேகம் நடை அளவுக்குக் குறைந்த பிறகு, தேவையானால் மாட்டின் வால் பக்கமாக விலகுங்கள், தலைப்பக்கம் வேண்டாம். அப்போதும் ஒரு எச்சரிக்கை: பின்னால் கன்று இருந்தால் தாய்மாடு சட்டென்று திரும்பும். ஹாரனை அலறவிட்டாலும் அப்படியே. கார் ஓட்டுகிறவர்களுக்கும் இதே விதிதான், கூடவே சீட் பெல்ட். காரின் முன்பக்கம் மாட்டின் காலைத் தட்டினால் அதன் உடம்பு முழுக்க பானட் மேல் ஏறிக் கண்ணாடிக்கு வரும்.

ஆடு ஒன்று கடந்துவிட்டது, கிளம்பலாமா? (மீனாட்சிபுரம்)

கூடாது. ஒன்று போனால் மற்றதும் பின்னாலேயே பாயும். மந்தையின் கடைசி ஆடும் கடக்கட்டும்.

எங்கள் மாட்டின் கழுத்தில் ஒளிரும் பட்டை கட்டினால் போதுமா? (வேலந்தாவளம்)

கட்டுங்கள், நல்லதுதான். ஆனால் படுத்த மாடு கழுத்தைத் திருப்பிக்கொண்டால் பட்டை மறைந்துவிடும். மழைக்காலத்தில் ஈரத்துக்கும் ஈக்கும் பயந்து மாடு தாரின் மேல்தான் வந்து படுக்கும், அதனால் பொழுது சாயும் முன் தொழுவத்துக்கு ஓட்டி வாருங்கள். பட்டையைவிட எனக்குக் கவலை கயிறுதான். முளைக்குச்சி ரோட்டின் இந்தப் பக்கம், மேயும் மாடு அந்தப் பக்கம், நடுவில் முழங்கால் உயரத்தில் கயிறு. பைக்கில் வருகிறவருக்கு மாடு தெரியும், கயிறு தெரியாது. முழு நீளத்துக்கு இழுத்தாலும் கயிறு ரோட்டின் விளிம்பைக்கூட எட்டாத இடமாகப் பார்த்துக் குச்சியை அடியுங்கள்.

கார் மாட்டில் மோதி முன்பக்கம் நசுங்கிவிட்டது. இன்சூரன்ஸ் கிடைக்குமா? (சித்தூர்)

மூன்றாம் நபர் பாலிசி மட்டும் என்றால் உங்கள் காருக்குக் கிடைக்காது. முழு பாலிசி என்றால் கேட்கலாம். வண்டியை நகர்த்தும் முன் போட்டோ எடுங்கள்.

வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை வழியாகச் சாலக்குடி போகிறோம். யானை நின்றால்? (ஆனைமலை)

தூரத்திலேயே நில்லுங்கள். ஹாரன், பிரைட் லைட் இரண்டும் வேண்டாம், இறங்கிப் போட்டோ எடுப்பது அறவே கூடாது. உங்கள் பக்கம் நடந்து வந்தால் வண்டியை மெல்லப் பின்னால் எடுங்கள். அதற்கு ஒவ்வொரு வண்டிக்கும் பின்னால் இடம் வேண்டும், அதனால் முன்வண்டியை ஒட்டி நிற்காதீர்கள்.

அடிபட்டுக் கிடக்கும் மாட்டுக்கு யாரைக் கூப்பிடுவது? (வாளையார்)

கால்நடை ஆம்புலன்ஸ் 1962. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்கும் சொல்லுங்கள். மாட்டைப் பார்க்கும் முன் வண்டியை ஓரங்கட்டி நான்கு இண்டிகேட்டரையும் போடுங்கள், பின்னால் வருகிறவருக்கும் அது இருட்டில்தான் கிடக்கிறது.